பயந்து வருகிறவரிடம் என்ன பேசுவது: வண்ணாரப்பேட்டை பல் கிளினிக்கில் நாங்கள் வைத்திருக்கும் தாள்

பழைய வண்ணாரப்பேட்டையில் எம்.சி. ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு தெருவில், இரண்டு நாற்காலி போட்ட சின்ன பல் கிளினிக்கில் ரிசப்ஷன் பார்க்கிறேன். கூட்டம் இருக்கும் நாளில் டாக்டரம்மா பக்கத்தில் நின்று சக்ஷன் பிடிப்பதும் என் வேலைதான். எங்கள் மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு தாள் இருக்கிறது. ஒரு பக்கம் போனில் பேச, இன்னொரு பக்கம் நாற்காலியில் உட்கார்ந்தவரிடம் பேச. பல் கிளீனிங்குக்கு, அதாவது ஸ்கேலிங்குக்கு வருகிறவர்களை மனதில் வைத்து டாக்டரம்மாவும் நானும் சேர்ந்து எழுதியது. புதிதாக வேலைக்குச் சேரும் பெண்கள் முதல் வாரம் அதைத்தான் படிக்கிறார்கள். வேறு கிளினிக்கில் வேலை பார்க்கும் தோழிகள் கேட்டதால் இங்கே விளக்கமாக எழுதுகிறேன். பயந்துகொண்டே தள்ளிப்போடுகிறவர்களும் படிக்கலாம். உள்ளே என்ன நடக்கும் என்று தெரியும்.

கிளீனிங்குக்கு ஏன் தனியாகத் தாள் என்று கேட்பார்கள். பல் வலி என்றால் ஆள் ராத்திரி தூங்காமல் காலையில் ஷட்டர் திறக்கும் முன்பே வாசலில் நிற்பார். கிளீனிங் அப்படியில்லை. வலி இருக்காது, துப்பும்போது கொஞ்சம் ரத்தம் வரும், வாய் நாறுகிறது என்று வீட்டில் யாராவது சொல்லியிருப்பார்கள். வராமல் இருக்க ஆயிரம் காரணம் கிடைக்கும். அதில் பாதி இந்தப் பக்கத்தில் எல்லார் வாயிலும் இருக்கும் பேச்சு: கிளீன் பண்ணினால் பல் ஆடும், பல்லுக்கு நடுவில் சந்து விழும், மேல் பூச்சு தேய்ந்துவிடும். இதில் சங்கடம் என்னவென்றால் இவை முழுப் பொய் இல்லை. சந்து நிஜமாகவே தெரியும், ஏனென்றால் பல்லில் கல்லாக இறுகி அதை அடைத்துக்கொண்டிருந்த காரை போய்விட்டது, வீங்கியிருந்த ஈறும் சுருங்கிவிட்டது. அதனால் "அதெல்லாம் சும்மா சொல்றாங்க" என்று தள்ளிவிடும் வரி எங்கள் தாளில் இல்லை.

"வலிக்காது" என்ற வார்த்தையும் இல்லை. டாக்டரம்மா இதில் ரொம்பக் கண்டிப்பு. வலிக்காது என்று சொல்லி உட்கார வைத்துவிட்டு, ஈறு இறங்கிய இடத்தில் ஒரு முறை சுள்ளென்று கூசினால் போதும், அதற்கப்புறம் நாம் சொல்லும் எதையும் அவர் நம்பப்போவதில்லை. பதிலுக்குத் தாளில் இருக்கும் வரி இது: "பெரும்பாலான பல்லுல அதிர்வும் தண்ணியும்தான் தெரியும். ஈறு இறங்கின பல்லு ரெண்டு மூணு இருந்தா அங்க கூசலாம். கூசினா கையைத் தூக்குங்க, அப்படியே நிறுத்திடுவாங்க." "பயப்படாதீங்க" என்பதும் கிடையாது. பயப்படாதே என்று சொல்லி யாருக்கும் பயம் போனதாக நான் பார்த்ததில்லை. அடுத்து என்ன நடக்கும் என்று தெரிவதும், வேண்டாமென்றால் நிறுத்தலாம் என்று தெரிவதும்தான் தோளைக் கீழே இறக்குகிறது.

போன் பக்கத்துக்கு வருவோம். "கிளீனிங் எவ்ளோங்க?" என்றுதான் முக்கால்வாசிப் பேர் ஆரம்பிப்பார்கள். பல இடங்களில் இதற்கு "நேர்ல வாங்க, டாக்டர் பார்த்துட்டு சொல்லுவாங்க" என்பார்கள். பயந்த ஆளுக்கு அது பொறி வைப்பது மாதிரிதான் கேட்கும். நாங்கள் தொகையை முதலில் சொல்லிவிடுவோம்: "சாதாரண கிளீனிங் 800 ரூபாய். பார்க்கிறதுக்கு 200. ஈறுக்கு அடியில ஆழமா காரை இருந்தா ரெண்டு மூணு தடவை வரவேண்டியிருக்கும், அதுக்குத் தனி. அது இருக்கா இல்லையான்னு பார்த்துட்டு எழுதித் தருவோம், அதை எடுத்துட்டுப் போய் வீட்ல யோசிச்சுட்டு சொல்லலாம். அன்னைக்கே பண்ணணும்னு இல்ல." அந்தத் தொகையும் முடியாது என்று குரலில் தெரிந்தால் அடுத்த வரியும் தயாராக இருக்கிறது: "கோட்டை ஸ்டேஷனுக்கு எதிர்ல அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்குங்க, அங்கயும் இதைப் பண்றாங்க. காலையில சீக்கிரம் போனா வரிசை குறைவா இருக்கும்." வியாபாரம் போகுமே என்று கேட்டவர்கள் உண்டு. போகும்தான். ஆனால் எங்கள் நாற்காலியில் உட்காருகிறவர் மாட்டிக்கொண்டோம் என்ற எண்ணத்தோடு உட்காருவதில்லை. பாதி வேலை அங்கேயே முடிந்துவிடுகிறது.

விலைக்கு அப்புறம் ஒரே ஒரு கேள்வி: "இதுக்கு முன்னாடி பல் டாக்டர்கிட்ட போனப்ப எப்படி இருந்துச்சு?" இதைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று தாளில் அடிக்கோடு போட்டிருக்கிறது. சிலர் "ஒண்ணும் பிரச்சனை இல்ல" என்பார்கள். சிலர் சின்ன வயதில் கையைக் காலைப் பிடித்துக்கொண்டு பல் பிடுங்கிய கதையைச் சொல்வார்கள். பல் பயத்தை அளக்க ஐந்து கேள்வி கொண்ட ஒரு படிவம் உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண், கூட்டினால் 19 அல்லது அதற்கு மேல் வந்தால் ரொம்பப் பயம் என்று கணக்கு. நாளைக்குப் போகவேண்டும் என்றால் எப்படி இருக்கும், வெளியே காத்திருக்கும்போது எப்படி இருக்கும் என்பது முதல் இரண்டு கேள்வி. எங்கள் பக்கத்தில் படிவத்தை நீட்டினால் பரீட்சை மாதிரி ஆகிவிடுகிறது. அதனால் அந்த இரண்டை மட்டும் பேச்சோடு பேச்சாகக் கேட்போம். காத்திருக்கும்போதுதான் பயம் ஏறுகிறது என்று சொல்கிறவருக்கு அன்றைய முதல் நேரத்தைக் கொடுத்துவிடுவோம். உள்ளே இன்னொருவருக்கு மெஷின் ஓடும் சத்தத்தை அரை மணி நேரம் கேட்டுக்கொண்டு உட்கார வேண்டாம் பாருங்கள்.

போனை வைப்பதற்கு முன் உடம்பு பற்றிய கேள்விகள். இவற்றைப் பயமுறுத்தாமல் கேட்பது ஒரு பழக்கம்தான். சர்க்கரை இருந்தால் சாப்பிட்டுவிட்டு, வழக்கமான மாத்திரையைப் போட்டுக்கொண்டு வரச் சொல்வோம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுக்கிறவர் கிளீனிங்குக்காகத் தானாக அதை நிறுத்தக் கூடாது. இது மிக முக்கியம், ஏனென்றால் "பல்லுல கை வைக்கப் போறாங்க, மாத்திரையை நிறுத்திடு" என்று வீட்டில் யாராவது யோசனை சொல்லியிருப்பார்கள். சீட்டை எடுத்து வரச் சொல்லி, தேவைப்பட்டால் இதய டாக்டரிடம் டாக்டரம்மாவே பேசுவார். இதயத்தில் செயற்கை வால்வு வைத்திருந்தால் கிளீனிங்குக்கு முன்பே ஆன்டிபயாடிக் தர வேண்டியிருக்கும், பேஸ்மேக்கர் இருந்தால் மெஷினை யோசித்துப் பயன்படுத்த வேண்டியிருக்கும். ஆகவே இரண்டையும் நேரடியாகக் கேட்டுவிடுவோம்.

வடசென்னையில் இன்னொரு கேள்வியும் தவிர்க்க முடியாது: மாவா. "மாவா, பாக்கு, புகையிலை ஏதாவது பழக்கம் உண்டாண்ணா? திட்டறதுக்கு இல்ல, ஈறைப் பார்க்கும்போது எங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்." அந்த இரண்டாவது வாக்கியம் இல்லாமல் முதல் வாக்கியத்தைச் சொல்லாதே என்பது விதி. சிகரெட், புகையிலை பழகியவருக்கு ஈறு கெட்டிருந்தாலும் ரத்தம் அவ்வளவாக வராது. ரத்தம் வரவில்லை, அதனால் ஈறு நன்றாக இருக்கிறது என்று அவரும் நினைப்பார், கவனிக்காவிட்டால் டாக்டரும் ஏமாறலாம். பாக்கு அதிகம் போட்டவருக்கு வாய் திறப்பது குறைந்திருக்கும். தன்னுடைய மூன்று விரலை நெட்டாக அடுக்கி வாய்க்குள் விட முடிகிறதா என்று பார்க்கச் சொல்வோம். முடியவில்லை என்றால் கிளீனிங்கைவிட அதைப் பார்ப்பதுதான் முதல் வேலை. பல் கறைக்கு வெட்கப்பட்டே வராமல் இருந்தவர்கள் நிறைய. "இவ்ளோ மோசமா வச்சிருக்கீங்களே" என்ற ஒரு வரியால் அவர்களை இன்னும் பத்து வருடத்துக்கு விரட்டிவிடலாம்.

இனி நாற்காலிப் பக்கம். குழந்தைகளுக்கான பல் மருத்துவத்தில் ரொம்ப காலமாகச் சொல்லித்தரும் முறை ஒன்று உண்டு: முதலில் சொல், பிறகு காட்டு, அதற்கப்புறம் செய். பெரியவர்களுக்கும் அதுவே போதும். ஸ்கேலர் மெஷினின் முனை பென்சில் கூர் அளவுக்குத்தான் இருக்கும். அது நொடிக்கு சுமார் 25,000 தடவை அதிர்கிறது, அந்த அதிர்வில்தான் காரை உடைந்து விழுகிறது. அதிர்வில் சூடு ஏறாமல் இருக்கத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். டாக்டரம்மா இதைச் சொல்லிவிட்டு, முனையை வாயில் வைக்காமல் வெளியிலேயே ஓடவிடுவார். சத்தம் என்ன, தண்ணீர் எப்படி வருகிறது என்று நாற்காலியில் இருப்பவர் பார்த்துக்கொள்வார். அடுத்து, டாக்டரம்மா முனையின் பக்கவாட்டை அவருடைய கட்டைவிரல் நகத்தில் ஒரு நொடி வைத்துக் காட்டுவார். சிலிர்ப்பு மாதிரி இருக்கும், நகத்தில் கீறல் விழாது. மேல் பூச்சு தேயுமா என்ற கேள்விக்கு நாங்கள் தரும் பதில் பெரும்பாலும் அந்த நகம்தான்.

கையைத் தூக்கும் ஏற்பாட்டை ஒத்திகை பார்த்தாக வேண்டும். இடது கைதான், ஏனென்றால் டாக்டரம்மா வலது பக்கம் உட்காருவார், வலது கை தூக்கினால் கருவியில் தட்டும். மெஷின் ஓடுவதற்கு முன், வெறும் கண்ணாடியை மட்டும் வாயில் வைத்துக்கொண்டு, "இப்ப சும்மா ஒருதடவை கையைத் தூக்குங்க" என்பார். தூக்கியதும் கண்ணாடியை வெளியே எடுத்துவிடுவார். அந்த ஒரு ஒத்திகை நடக்காவிட்டால், எவ்வளவு கூசினாலும் ஆட்கள் கையைத் தூக்குவதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுப்பார்கள், வெளியே போய் "இனிமே அந்தப் பக்கமே போகமாட்டேன்" என்பார்கள். கை தூக்கினால் நிறுத்துவது என்றால் நிஜமாக நிறுத்துவது. "இதோ ஒரு நிமிஷம், முடிஞ்சிடுச்சு" என்று தொடரக் கூடாது. ஒருமுறை அப்படித் தொடர்ந்துவிட்டால் அந்தக் கைக்கு மதிப்பே இல்லை.

தண்ணீர் தொண்டைக்குப் போய்விடுமோ, மூச்சு முட்டுமோ என்று பயப்படுகிறவர்களை நாற்காலியில் முழுக்கச் சாய்க்க மாட்டோம். பாதி சாய்வில், மூக்கால் மூச்சு விடச் சொல்லி, எச்சில் உறிஞ்சும் குழாயை அவர் கையிலேயே கொடுத்துவிடுவோம். தண்ணீர் சேர்ந்தால் அவரே உறிஞ்சிக்கொள்ளலாம். நான் பக்கத்தில் பெரிய சக்ஷனோடு நிற்பேன், ஆனாலும் தன் கையில் ஒன்று இருப்பது வேறு. முதலில் தொடும் பல் காரை குறைவாக, ஈறு இறங்காமல் இருக்கும் பல்லாக இருக்கவேண்டும். பெரும்பாலும் மேல் வரிசையில் கோரைப் பல்லுக்குப் பின்னால் இருப்பது. கீழ் முன்பல்லின் உள்பக்கம்தான் எல்லோருக்கும் காரை அதிகம், நாக்குக்கு அடியில் எச்சில் சுரந்து வரும் இடம் அங்கே பக்கத்திலேயே இருப்பதால். காரை அதிகம் என்று அங்கிருந்து ஆரம்பித்தால் முதல் நிமிடத்திலேயே ஆளை இழந்துவிடுவோம்.

இதெல்லாம் ஒருவரிடம் எப்படி நடந்தது என்று சொன்னால்தான் புரியும். காசிமேட்டில் மீன் விற்கும் ஒரு அக்கா, ஐம்பதை நெருங்கும் வயது. மகள் போன் செய்து நேரம் வாங்கியிருந்தாள். அக்கா வந்ததும் உட்காராமல் நின்றபடியே சொன்னார்: "இன்னாம்மா, கீழ்ப் பல்லு ரெண்டு லேசா ஆடுது. காரையை எடுத்தா கையோட வந்துரும்னு எங்க நாத்தனார் சொல்றா. அப்டி வந்துரும்னா எனக்கு வேணாம்."

நான் தாளில் இருப்பதைச் சொன்னேன். "இன்னைக்கு ஒண்ணும் பண்ணவேணாம்க்கா. டாக்டரம்மா பாக்கட்டும். அவங்க சொல்றதைக் கேட்டுட்டு நீங்க கிளம்பினாலும் சரிதான். சாப்ட்டீங்களாக்கா?" சாப்பிட்டீர்களா என்பது எங்கள் கிளினிக்கில் உபசாரக் கேள்வி இல்லை. விடியும் முன்பே கடற்கரைக்குப் போய், ஏலம் முடித்து, விற்றுவிட்டு நேராக வந்திருக்கிறார். சர்க்கரை மாத்திரை போட்டாயிற்று, வயிற்றில் டீ மட்டும். அப்படியே நாற்காலியில் படுத்திருந்தால் சர்க்கரை இறங்கி மயக்கம் வந்திருக்கும். "பல்லுல கை வச்சதும் மயக்கம் போட்டுட்டேன்" என்ற கதை ஏரியா முழுக்கப் பரவும், அதற்கு ஸ்கேலர் பொறுப்பாகிவிடும். பக்கத்துக் கடையில் இட்லி சாப்பிட்டுவிட்டு வரச் சொன்னேன். திரும்பி வருவாரா என்று எனக்கே சந்தேகம். வந்துவிட்டார்.

டாக்டரம்மா மெஷின் பக்கம் போகவே இல்லை. கையில் கண்ணாடியைக் கொடுத்து, கீழ் முன்பல்லின் உள்பக்கத்தைக் காட்டினார். மஞ்சளும் பழுப்புமாகக் காரை நான்கு பல்லையும் ஒரே பாளமாகக் கட்டியிருந்தது. மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியால் ஈறின் ஆழத்தை அளந்து, ஒவ்வொன்றையும் சத்தமாகச் சொன்னார். 3 வரை இருந்தால் சரி என்று முன்பே சொல்லியிருந்ததால் அக்கா கேட்டுக்கொண்டே இருந்தார். மேலே எல்லாம் 3, 3, 4. கீழே நடுவில் 5, 6. இரண்டு பல் லேசாக ஆடியது. அப்புறம் அக்காவின் ஆள்காட்டி விரலைப் பிடித்து, அந்தப் பல்லின் மேலேயே வைத்து, "நீங்களே ஆட்டிப் பாருங்க. இப்ப எவ்ளோ ஆடுதுன்னு ஞாபகம் வச்சுக்கங்க" என்றார்.

இந்த இடம்தான் தாளிலேயே கஷ்டமான வரி. நாத்தனார் சொன்னதில் உண்மை இருக்கிறது. எலும்பு கரைந்த பல்லைச் சில நேரம் காரைதான் பக்கத்துப் பல்லோடு சேர்த்துப் பிடித்திருக்கும். அதை எடுத்தால் முதல் சில வாரம் கூடுதலாக ஆடுவது போல் தெரியும். இதை முன்னாடி சொன்னால் விளக்கம், பின்னாடி சொன்னால் சாக்கு. டாக்டரம்மா சொன்னது ஏறக்குறைய இப்படி: "உங்க நாத்தனார் சொல்றது முழுசா தப்பில்லக்கா. ஆட்டம் கொஞ்சம் ஜாஸ்தி ஆன மாதிரி இருக்கும். ஆனா ஆடறதுக்குக் காரணம், இந்தக் காரை அடியில ஈறையும் எலும்பையும் அரிச்சதுதான். எடுத்தா ஈறு இறுகும், நிறைய பேருக்கு ஆட்டம் குறையும். கரைஞ்ச எலும்பு திரும்பி வராது. ரெண்டுல ஒரு பல்லு அப்படியே ஆடிக்கிட்டு இருக்கவும் வாய்ப்பு இருக்கு. எடுக்கலைன்னா நாளைக்கே விழுந்துடாது, ஆனா வருஷக் கணக்குல பார்த்தா பக்கத்துப் பல்லும் ஆட ஆரம்பிக்கும். சர்க்கரையும் இருக்கிறதால கொஞ்சம் வேகமாவே போகும்."

எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்லாமல் விடுவது மரியாதை இல்லை. அது வேறு மாதிரி ஏமாற்று. வற்புறுத்தக் கூடாது என்று எழுதியிருக்கிறோமே தவிர, மறைக்கச் சொல்லி எழுதவில்லை. காலத்தை நிஜ அளவில் சொல்லவேண்டும், அவ்வளவுதான். வருடக் கணக்கில் நடப்பதை நாளைக்கு நடப்பது போல் சொன்னால் அது மிரட்டல்.

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. நாங்களும் பேசவில்லை. அப்புறம், "மேல மட்டும் பண்ணு. கீழ தொடாத" என்றார். தாளில் இதற்கு இடம் இருக்கிறது: பாதி செய்யலாம், பாதிக்குப் பாதிப் பணம். மேல் வரிசை மட்டும் நடந்தது. ஈறு கூசும் இரண்டு இடத்தில் மரப்பு ஜெல் தடவி இரண்டு நிமிடம் விட்டுவிட்டுச் செய்தார். நான்கைந்து பல்லுக்கு ஒருமுறை நிறுத்தி வாய் கொப்பளிக்க வைத்தார். அக்கா ஒரு தடவை கையைத் தூக்கினார். கூசியதா என்று கேட்டால், "இல்ல, நிறுத்துறியான்னு பாத்தேன்" என்றார். இப்படிச் சோதித்துப் பார்க்கிறவர்கள் நிறையவே உண்டு. அவர்களிடம் சிரித்துவிட்டு நிறுத்த வேண்டும், அலுத்துக்கொள்ளக் கூடாது.

என் வேலை அந்த நேரத்தில் முகத்தைப் பார்ப்பது இல்லை. முகம் பாதி மறைந்திருக்கும். நான் கையையும் காலையும் பார்ப்பேன். புடவைத் தலைப்பைக் கசக்கிப் பிடித்திருந்தால், கால் கட்டைவிரல் உள்பக்கமாக மடங்கியிருந்தால், வாயால் "ம், ம்" என்று சரி சொன்னாலும் ஆள் தாங்கிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். அப்போது டாக்டரம்மாவின் முழங்கையை லேசாகத் தொடுவேன். அவர் ஏதோ தன் சௌகரியத்துக்கு நிறுத்துவது போல நிறுத்துவார்.

கிளம்பும்போது அடுத்த தேதி போட்டுத்தரவில்லை. "ரெண்டு வாரம் கழிச்சு கண்ணாடியில மேலயும் கீழயும் பாருங்கக்கா. கீழ பண்ணணும்னு தோணினா போன் பண்ணுங்க." மேல் ஈறில் ரத்தம் நின்றுவிட்டதை அவரே பார்த்தார். அவரே போன் செய்தார், மகள் இல்லை. கீழே ஆழமாக இருந்ததால் மரப்பு ஊசி போட்டுத்தான் செய்யவேண்டும் என்று போனிலேயே சொல்லிவிட்டேன். ஊசி என்பதை நாற்காலியில் படுத்த பிறகு சொல்வது எங்களுக்கு ஆகாத பழக்கம். பத்து நாளைக்கு ஆட்டம் தெரிந்தது, அது அவர் எதிர்பார்த்ததுதான். சுமார் ஆறு வாரம் கழித்துத் திரும்ப அளந்தபோது 6 இருந்த இடம் 4 ஆகியிருந்தது. ஒரு பல் நன்றாக நின்றது, இன்னொன்று இன்னும் லேசாக ஆடுகிறது. மெல்லிய கம்பி வைத்துப் பக்கத்துப் பல்லோடு சேர்த்துக் கட்டலாம் என்று டாக்டரம்மா சொன்னார். அக்கா வேண்டாம் என்றுவிட்டார். அட்டையில் "கம்பி பற்றிச் சொல்லியாச்சு, இப்போதைக்கு வேண்டாம்" என்று எழுதியிருக்கிறது. அடுத்த முறை வரும்போது யாரும் அதை மறுபடி கிளறக் கூடாது என்பதற்காகத்தான் அந்தக் குறிப்பு.

கிளிப் விஷயத்தில் தாள் ரொம்பச் சின்னது. கிளீனிங்குக்கு வந்தவரிடம் நாமாக கிளிப் பேச்சை எடுக்கக் கூடாது. பல் வரிசை தப்பியிருப்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. அவராகக் கேட்டால் கஷ்டத்திலிருந்து ஆரம்பிப்போம்: பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டு வருடம், மாதம் ஒருமுறை வரவேண்டும், கம்பி இறுக்கிய பிறகு மூன்று நான்கு நாள் கடித்துச் சாப்பிட வலிக்கும், சிலருக்கு இடம் வேண்டி நல்ல பல் எடுக்க நேரலாம், கழற்றிய பிறகும் பல் பழைய இடத்துக்கு நகராமல் இருக்க ரிட்டெய்னர் பல வருடம் போடவேண்டும். ஈறில் ரத்தம் வந்துகொண்டிருந்தால் முதலில் கிளீனிங்தான், கிளிப் அப்புறம். "போடலைன்னா என்ன ஆகும்?" என்று அம்மாமார்கள் கேட்பார்கள். நெருக்கமாக இருக்கும் பல்லைத் துலக்குவது கஷ்டம், மற்றபடி பெரும்பாலும் பார்வைக்குத்தான் என்பதே பதில். சின்னக் குழந்தைக்கு மேல் பல் கீழ்ப் பல்லுக்கு உள்ளே போய்க் கடிப்பது போன்ற ஒன்றிரண்டு விஷயத்தில் மட்டும் வயது முக்கியம், அதை டாக்டரம்மா தனியாகச் சொல்வார். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வருகிறார்கள், ஆறு மாதத்தில் முடியுமா என்று கேட்கிறவர்களிடம் முடியும் என்று தலையாட்டினால் நிறைய பில் போடலாம். முன்பல்லில் லேசான சந்து மட்டும் என்றால் முடியலாம், மற்றவர்களுக்கு முடியாது என்று பார்த்த அன்றே சொல்லிவிடுகிறோம்.

இந்தத் தாளை வைத்துக்கொண்டு சொதப்பவும் முடியும். மனப்பாடம் செய்து ஒரே மூச்சில் ஒப்பித்தால் மொபைல் கம்பெனியிலிருந்து பேசுவது போல இருக்கும். புதிதாக வந்த பெண் ஒருத்தி "அன்னைக்கே பண்ணணும்னு இல்ல" என்று ஒரே போனில் மூன்று தரம் சொன்னாள், எதிர்ப்பக்கத்தில் இருந்தவர் "இன்னாம்மா, வரவேணாம்னு சொல்றியா?" என்று கேட்டுவிட்டார். ஒரு தரம் சொன்னால் போதும், அதுவும் விலை சொன்ன உடனே. பயமே இல்லாமல் வருகிற கல்லூரிப் பையனுக்கு நகத்தில் முனையை வைத்துக் காட்டிக்கொண்டிருந்தால் அவனுக்குப் பயத்தை நாமே கிளப்பிவிடுவோம். அவனுக்கு இடது கை விஷயம் மட்டும் போதும்.

மறுநாள் ஒரே ஒரு போன் செய்வோம். அதில் மூன்று விஷயம்தான் கேட்போம்: சில்லென்று குடித்தால் கூச்சம் எப்படி இருக்கிறது, துப்பும்போது ரத்தம் நின்றுவிட்டதா, வீக்கமோ காய்ச்சலோ இருக்கிறதா. எச்சிலில் லேசான சிவப்பு ஒரு நாள் இருக்கலாம், கூச்சம் சில நாள் இருந்து குறையும். நிற்காமல் ரத்தம் வந்தாலோ முகம் வீங்கினாலோ உடனே வரச் சொல்வோம். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர், மெதுவான பிரஷ், அன்றைக்கு மட்டும் காரம் குறைவு. அந்த போனில் அடுத்த சிகிச்சை எதையும் பேசுவதில்லை. எழுதிக்கொடுத்துவிட்டு அவர் யோசிக்கிறேன் என்று போன விஷயத்துக்கு ஒருமுறை மட்டும் கூப்பிட்டுக் கேட்போம். எடுக்கவில்லை என்றாலோ, பார்க்கலாம் என்றாலோ அவர் அட்டையில் ஒரு கோடு போட்டுவிட்டு அந்த நம்பரை அழைப்புப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவோம்.